வாடகை ஒப்பந்தம் காட்டினா அட்ரஸ் ப்ரூஃப் ஆகாதாம், கரண்ட் பில் வேணுமாம் – ஏன் இப்படி?

மலர்_கோத்தகிரி:
எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ப்ரைவேட் ஸ்கூல்ல டீச்சரா சேர்ந்திருக்கேன், வீடு டவுனைத் தாண்டி கொஞ்சம் கீழ, வாடகைக்கு. சம்பளம் போடறதுக்கு ஸ்கூல்ல சொன்ன பேங்க்ல புது அக்கவுண்ட் ஓப்பன் பண்ணப் போனேன். ஆதார் விருதுநகர் அட்ரஸ்ல இருக்கு, பான் கார்டு இருக்கு, வாடகை ஒப்பந்தம் இருக்கு. ஒப்பந்தம் 11 மாசத்துக்கு, ஸ்டாம்ப் பேப்பர்ல போட்டு நோட்டரி சீல் வச்சு ரெண்டு சாட்சி கையெழுத்தோட. கவுண்ட்டர்ல இருந்தவங்க அதைப் புரட்டிப் பார்த்துட்டு, இது அட்ரஸ் ப்ரூஃப் ஆகாதும்மா, கரண்ட் பில் கொண்டு வாங்கன்னுட்டாங்க.

கரண்ட் பில் வீட்டு ஓனரோட அப்பா பேர்ல இருக்கு, அவர் இறந்து வருஷக்கணக்கா ஆச்சு. அதைக் கொண்டுபோய்க் காட்டினா, உங்க பேர்ல இல்லையே மேடம்ங்கறாங்க. எனக்குப் புரியாதது இதுதான். ஒப்பந்தத்துல என் பேர் இருக்கு, என் போட்டோ இருக்கு, ஓனர் கையெழுத்து இருக்கு. பில்லுல இருக்கறது ஒரு நம்பரும் யூனிட்டும்தான், அதை யார் வேணா கட்டிட்டு ரசீது எடுத்துக்கலாம். அப்பறம் எப்படி அது பெருசு, இது சிறுசு? வாடகைக்கு இருக்கறவங்க எல்லாரும் என்னதான் பண்றாங்க?

தேயிலைத்தோட்டம்:
அக்கா, நோட்டரி போட்டா செல்லாது, ரிஜிஸ்டர் பண்ணணும். பதிவு பண்ணின ஒப்பந்தம்னா எந்த பேங்க்கா இருந்தாலும் வாங்கியே ஆகணும். இல்லைன்னா கேஸ் புக், ரேஷன் கார்டு, இதுல ஏதாவது ஒண்ணு குடுங்க. எங்க அம்மாவுக்கு ரேஷன் கார்டு வச்சுத்தான் அக்கவுண்ட் தொறந்தோம்.

கவுண்ட்டர்_நம்பர்_3:
தம்பி சொன்னதுல பாதி பழைய காலத்துக் கதை. நான் பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவன், குன்னூர்லயும் ஊட்டியிலயும் கவுண்ட்டர்ல உக்காந்து இதே சண்டையை நிறையப் பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன்.

பேங்க் தன் இஷ்டத்துக்கு லிஸ்ட் போடறதில்லை. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கறதைத் தடுக்கற பிஎம்எல்ஏ சட்டத்துக்குக் கீழ 2005-ல வந்த விதிகள்லயும், வாடிக்கையாளர் யாருன்னு உறுதிப்படுத்தறதுக்கு ரிசர்வ் வங்கி போட்டிருக்கற கேஒய்சி உத்தரவுலயும் லிஸ்ட் இருக்கு. முதல் வரிசையில ஆறே ஆறு காகிதம்: பாஸ்போர்ட், டிரைவிங் லைசன்ஸ், வாக்காளர் அட்டை, ஆதார், மாநில அரசு அதிகாரி கையெழுத்துப் போட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுல இருந்து வர்ற கடிதம். ஆள் யாருன்னும் காட்டணும், எங்க இருக்கார்னும் காட்டணும், ரெண்டையும் இந்த ஆறும் காட்டும். பான் கார்டு இதுல கிடையாது, அதுல அட்ரஸே இல்லையே. ரேஷன் கார்டும் கிடையாது. சிலிண்டர் கேஸ் புக்கும் கிடையாது, குழாய் வழியா வர்ற கேஸோட பில்தான் லிஸ்ட்ல இருக்கு, நம்ம மலையில அது யார் வீட்டுல இருக்கு சொல்லுங்க.

இந்த ஆறுல ஒண்ணு கையில இருக்கு, ஆனா அதுல பழைய அட்ரஸ் இருக்குன்னா மட்டும்தான் ரெண்டாவது வரிசைக்கு வரணும். அதுல ரெண்டு மாசத்துக்கு மேல போகாத கரண்ட், போன், போஸ்ட்பெய்டு மொபைல், தண்ணி, குழாய் கேஸ் பில் வருது. அப்பறம் வீட்டு வரி ரசீது, அட்ரஸ் போட்ட அரசு பென்ஷன் ஆணை, அப்பறம் சில வகை முதலாளிகள் குடுக்கற குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக் கடிதம். தனி ஆள் தனி ஆளுக்கு எழுதிக் குடுக்கற வாடகை ஒப்பந்தம் இந்த வரிசையிலயும் இல்லை. நோட்டரி போட்டாலும் சரி, பதிவே பண்ணினாலும் சரி. அதனால அந்தக் கவுண்ட்டர் பொண்ணு சொன்னது தப்பில்லை மலர் மேடம். ஆனா கரண்ட் பில்தான் ஒரே வழின்னு சொன்னாங்க பாருங்க, அது முழுசா சரியில்லை. அதுக்கு அப்பறம் வர்றேன்.

மலர்_கோத்தகிரி:
நன்றி சார். லிஸ்ட்ல இல்லைங்கறது புரியுது. ஏன் இல்லைங்கறதுதான் என் கேள்வி. ரெண்டு பேர் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை விட ஒரு பில்லுக்கு எப்படி மதிப்பு அதிகம்?

கவுண்ட்டர்_நம்பர்_3:
அந்தக் காகிதம் எப்படிப் பொறக்குதுன்னு பாருங்க. கரண்ட் கனெக்‌ஷன் வாங்கணும்னா இடத்துக்கான ஆவணம் குடுக்கணும், ஆளு வந்து கம்பம் எங்க, வீடு எங்கன்னு பாத்து மீட்டர் மாட்டணும், அப்பறம் நம்ம மாநிலத்துல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்க ஆள் அந்த வாசலுக்கே வரணும். அந்த மீட்டரை இன்னொரு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. பில்லு போடறவனுக்கு நீங்க பேங்க்ல அக்கவுண்ட் தொறக்கறதுல லாபமும் இல்லை நட்டமும் இல்லை, அவனுக்கு வேண்டியது யூனிட்டுக்குக் காசு. சந்தேகம் வந்தா பேங்க் ஆள் சர்வீஸ் நம்பரை வச்சு ஆன்லைன்லயே பாத்துடலாம்.

ஒப்பந்தம் அப்படி இல்லை. அதை உண்டாக்கறதே அதனால பலன் அடையற ரெண்டு பேர்தான். நோட்டரி பாக்கறது கையெழுத்துப் போட்டது யாருங்கறதைத்தான், நீங்க அந்த வீட்டுல குடியிருக்கீங்களான்னு அவர் வந்து பாக்கறதில்லை. ஸ்டாம்ப் பேப்பரை வாங்கி வச்சுட்டு எந்த அட்ரஸும் அடிச்சுக்கலாம். இன்னொண்ணு, பில்லு நாளாக நாளாக பழசாகும், ஒப்பந்தம் ஆகாது. மூணாவது மாசமே நீங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனாலும் அந்தப் பத்திரம் 11 மாசம் முடியற வரைக்கும் நீங்க அங்க இருக்கறதாவே சொல்லிட்டு இருக்கும். பில்லுக்கு ரெண்டு மாசக் கெடு வச்சது இதுக்குத்தான்.

ஆனா உங்க வாதத்துலயும் ஞாயம் இருக்கு. பில்லு உங்க பேர்ல இருந்தாக்கூட நீங்க அங்க தூங்கறீங்கன்னு அது நிரூபிக்கல. அந்த இடத்துல உங்க பேர்ல ஒரு கனெக்‌ஷன் ஓடுது, சமீபத்துல கணக்கு எடுத்திருக்காங்க, அவ்வளவுதான். வெளியூர்ல உக்காந்துட்டு இங்க காட்டேஜ் வச்சிருக்கறவங்க எத்தனை பேர், அவங்ககிட்ட எல்லாம் பில்லு இருக்கு. நாள் முழுக்க இங்கயே வாழற குடித்தனக்காரங்ககிட்ட இல்லை. இந்த விதி வாடகைக்காரங்களைக் கஷ்டப்படுத்துதுங்கறதை நான் சர்வீஸ்ல இருந்தப்பவே சொல்லிட்டு இருந்தவன்.

ஓனர்_பக்கம்:
வீடு வாடகைக்கு விடறவன்ங்கற முறையில ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. குடி வர்றவங்க சில பேர் கரண்ட் கனெக்‌ஷனை எங்க பேருக்கு மாத்திக் குடுங்கன்னு கேக்கறாங்க, வீட்டு வரி ரசீது குடுங்கன்னு கேக்கறாங்க. நாளைக்கு அதை வச்சு வீடே என்னுதுன்னு சொன்னா நான் எங்க போறது? ஒப்பந்தம் 11 மாசம்னு போடறதே அதுக்குத்தான்.

கவுண்ட்டர்_நம்பர்_3:
கனெக்‌ஷனை மாத்தித் தர வேண்டிய அவசியமே இல்லைங்க, மேடமும் அதைக் கேக்க வேண்டாம். 11 மாசம் வந்த கதை வேற. 1908 பதிவுச் சட்டம் 17-ம் பிரிவுல ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையைக் கட்டாயம் பதிவு பண்ணணும்னு இருக்கு, அதைத் தவிர்க்க ஒரு மாசம் கம்மியா போட்டுப் பழகிட்டாங்க. இப்ப தமிழ்நாட்டுல 2017 வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்தது, நகர்ப்பகுதிகள்ல வாடகை ஒப்பந்தத்தை எழுத்துல போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியணும்னு சொல்லுது, tenancy.tn.gov.in-ல. பதிஞ்சா குடித்தனக்காரர் ஓனர் ஆகிட மாட்டார், வாடகைக்குத்தான் இருக்கார்ங்கறதுக்கு அது உங்களுக்கே சாட்சி.

நீங்களும் ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. மேடமோட ஓனர் அப்பா பேர்ல இருக்கற கனெக்‌ஷனை இன்னும் தன் பேருக்கு மாத்தல. அந்தப் பில்லை வச்சு மேடமும் அட்ரஸ் காட்ட முடியாது, வீட்டுக்காரரே போனாலும் காட்ட முடியாது. பில்லு யார் பேர்ல இருக்கோ அவருக்கு மட்டும்தான் அது ப்ரூஃப்.

லைன்வீடு:
சார், குவார்ட்டர்ஸ் கடிதம்னு சொன்னீங்களே. எங்க அப்பா அம்மா டேன்டீ தேயிலைத் தோட்டத்துல வேலை பாக்கறாங்க, தோட்டத்துல குடுத்த லைன் வீட்டுலதான் இருக்கோம். கரண்ட் பில் எங்க பேர்ல இல்லை. எங்களுக்கு அந்தக் கடிதம் செல்லுமா? பக்கத்து தனியார் எஸ்டேட்ல இருக்கற எங்க மாமா வாங்கிட்டுப் போனப்ப செல்லாதுன்னுட்டாங்க, அதான் கேக்கறேன்.

கவுண்ட்டர்_நம்பர்_3:
முதலாளி யாருங்கறதுதான் இங்க கணக்கு. மத்திய மாநில அரசுத் துறை, சட்டப்படி அமைஞ்ச அமைப்பு, பொதுத்துறை நிறுவனம், பேங்க், நிதி நிறுவனம், ஷேர் மார்க்கெட்ல பட்டியல் ஆன கம்பெனி, இவங்க குடுக்கற ஒதுக்கீட்டுக் கடிதமும் இவங்களோட போட்ட குடியிருப்பு ஒப்பந்தமும் செல்லும். டேன்டீ தமிழ்நாடு அரசோட நிறுவனம், அதனால அப்பா பேர்ல ஒதுக்கீட்டுக் கடிதம் வாங்கினா அவருக்குச் செல்லும். மாமாவோட எஸ்டேட் பட்டியல் ஆகாத தனியார் கம்பெனியா இருந்தா செல்லாது. ரெண்டு பேரும் ஒரே மாதிரி லைன் வீட்டுலதான் இருக்காங்க, ஒரே மாதிரி கொழுந்துதான் கிள்ளறாங்க, ஆனா விதி அப்படி இருக்கு. ரெண்டு பேருக்குமே வாக்காளர் அட்டையில லைன் அட்ரஸ் இருந்தா இந்தக் கடிதமே தேவையில்லை, நேரா அதைக் குடுக்கலாம்.

மலர் மேடத்துக்கு இதுல ஒரு குறிப்பு: உங்க ஸ்கூல் தனியார், அதனால ஹாஸ்டல்ல தங்கினாலும் ஸ்கூல் கடிதம் இந்த வகையில வராது.

தேயிலைத்தோட்டம்:
அப்ப போஸ்ட்பெய்டு சிம் வாங்கிட்டா வேலை முடிஞ்சுது. பில்லு அவங்க பேர்லயே வரும், கோத்தகிரி அட்ரஸ் போட்டு வாங்கிக்கலாம். இது லிஸ்ட்ல இருக்குன்னு சாரே சொல்லிட்டார்.

கவுண்ட்டர்_நம்பர்_3:
இது சரி தம்பி. முழு அட்ரஸும் பேரும் பில்லுல வரணும், ப்ரீபெய்டு ரீசார்ஜ் ரசீது ஆகாது.

ஆனா இதுல நிறைய பேர் கவனிக்காத ஒரு வரி இருக்கு. இந்த ரெண்டாவது வரிசைக் காகிதம் எதைக் குடுத்தாலும், மூணு மாசத்துக்குள்ள புது அட்ரஸ் போட்ட முதல் வரிசைக் காகிதத்தைக் கொண்டு வந்து குடுக்கணும். கரண்ட் பில்லுக்கும் அதே கதிதான். எல்லாரும் பில்லுக்கு அலையறாங்க, பில்லு வாங்கிக் குடுக்கறது மூணு மாச அவகாசம் மட்டும்தான். கடைசியில ஆதார்லயோ வாக்காளர் அட்டையிலயோ அட்ரஸை மாத்தித்தான் ஆகணும்.

உங்க வாடகை ஒப்பந்தத்துக்கு வேலை இருக்கறது அங்கதான் மேடம். ஆதார் அட்ரஸ் மாத்தறதுக்கான லிஸ்ட் வேற, அதுல வாடகை ஒப்பந்தம் வருது. எந்த வடிவத்துல இருக்கணும்ங்கறதை அப்பப்போ மாத்துவாங்க, அதனால myaadhaar.uidai.gov.in-ல அன்னைக்கு இருக்கற லிஸ்ட்டைப் பாத்துட்டுப் போங்க. பதிவு பண்ணினதா இருந்தா தகராறு கம்மி. தேயிலை தம்பி பதிவு பண்ணச் சொன்னது பேங்க்குக்கு உதவாது, இங்க உதவும்.

மலர்_கோத்தகிரி:
ஆதார் மாத்த நாளாகுமே சார். அதுவரைக்கும் சம்பளம்? ஸ்கூல்ல வேற தினமும் அக்கவுண்ட் நம்பர் கேக்கறாங்க.

கவுண்ட்டர்_நம்பர்_3:
முதல்ல சொன்னேனே, கரண்ட் பில் ஒரே வழி இல்லைன்னு, அது இதுதான். நீங்க ஆதார் ஜெராக்ஸ் குடுத்தீங்களா, இல்லை விரல் வச்சீங்களா? ஜெராக்ஸ் குடுத்தா அவங்க பழைய அட்ரஸைப் பாத்துட்டு புதுசுக்கு ப்ரூஃப் கேப்பாங்க. விரல் ரேகை வச்சு ஆதார் இ-கேஒய்சி பண்ணினா விதி வேற. அந்த ஆள் நீங்கதான்னு மெஷினே சொல்லிடும், இப்ப இருக்கற அட்ரஸ் ஆதார்ல இருக்கறதை விட வேறன்னா அதுக்கு உங்க சுய உறுதிமொழி போதும். வெள்ளைப் பேப்பர்லயோ அவங்க ஃபார்ம்லயோ "தற்போது இந்த முகவரியில் வசிக்கிறேன்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறீங்க, அவ்வளவுதான். பில்லும் வேண்டாம், பத்திரமும் வேண்டாம். கவுண்ட்டர்ல "சுய உறுதிமொழியோட இ-கேஒய்சி பண்ணித் தாங்க"ன்னு இதே வார்த்தையில கேளுங்க, தெரியலைன்னா மேனேஜரைப் பாருங்க.

முடியாதுன்னு சொன்னா எழுத்துல புகார் குடுத்து ஒப்புதல் வாங்கிக்கங்க, 30 நாள்ல பதில் வரலைன்னாலோ வந்த பதில் சரியில்லைன்னாலோ cms.rbi.org.in-ல ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட போடலாம்.

கூடலூர்க்காரன்:
இங்க எல்லாரும் கரண்ட் பில் யார் பேர்ல இருக்குன்னு பேசறீங்க, எங்களுக்கு கரண்ட்டே இல்லை. செக்‌ஷன் 17 நிலம், சார் சொன்ன பதிவுச் சட்டத்தோட 17 இல்லை, ஜென்மிங்க கையில இருந்த நிலத்துக்கான ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தோட 17. அது 1969-ல வந்ததுல இருந்து எங்க நிலப் பிரச்சனை தீரல, பட்டா இல்லை, கனெக்‌ஷன் கேட்டா அந்தப் பேப்பர் இந்தப் பேப்பர்னு இழுக்கறாங்க. தாத்தா காலத்துல இருந்து அதே வீடு. பேங்க்ல லோன் கேட்டா அட்ரஸ் ப்ரூஃப் கேக்கறான். நாங்க இந்த நாட்டுலதான் இருக்கோமான்னு சந்தேகம் வருது.

கவுண்ட்டர்_நம்பர்_3:
உங்க கோவம் புரியுதுங்க. வாக்காளர் அட்டையிலயும் ஆதார்லயும் இந்த வீட்டு அட்ரஸ்தானே இருக்கு?

கூடலூர்க்காரன்:
ரெண்டுலயும் இதேதான். இங்கயே பொறந்தவன்.

கவுண்ட்டர்_நம்பர்_3:
அப்படின்னா அட்ரஸ் ப்ரூஃப் உங்ககிட்ட இருக்கு, மலர் மேடத்தை விட நல்லாவே இருக்கு. கரண்ட் பில் கேக்கறதுக்கே இடமில்லை, ரெண்டாவது வரிசை உங்களுக்குப் பொருந்தாது. அவங்க லோனுக்குக் கேக்கறது இடம் யாருதுங்கற ஆவணமா இருக்கும், அதை "அட்ரஸ் ப்ரூஃப்"னு வாய்வார்த்தையா சொல்லியிருப்பாங்க. அது கேஒய்சி இல்லை, அடமானம் சம்பந்தப்பட்டது. என்ன காகிதம் வேணும்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

கூடலூர்க்காரன்:
எழுதிக் கேட்டா எழுதித் தரமாட்டாங்க சார். சரி, கேட்டுப் பாக்கறேன். ஆனா அடமானம்னா பட்டா, பட்டான்னா திரும்ப அதே இடத்துக்கு வந்து நிக்கறோம்.

லைன்வீடு:
சார் இன்னொரு சந்தேகம். எங்க அம்மாவுக்கு விரல் வச்சா மெஷின் எடுக்கவே மாட்டேங்குது. வருஷக்கணக்கா கொழுந்து கிள்ளி ரேகையே தேஞ்சு, கறை படிஞ்சு கிடக்கு. ரேஷன் கடையிலயும் இதே பாடுதான். இ-கேஒய்சி எப்படிப் பண்றது?

கவுண்ட்டர்_நம்பர்_3:
மலையில இது பெரிய பிரச்சனை. கையை சோப்பு போட்டுக் கழுவி நல்லாத் துடைச்சுட்டு பத்து விரலையும் ஒவ்வொண்ணா வச்சுப் பாக்கச் சொல்லுங்க, கட்டைவிரல் எடுக்கலைன்னா மோதிரவிரல் எடுக்கும் சில பேருக்கு. காயம், நோய், வயசு மாதிரி காரணத்தால ரேகை விழலைன்னா ஆதாரோட க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி ஆஃப்லைன்ல சரிபார்க்கலாம், இல்லைன்னா வாக்காளர் அட்டை மாதிரி வேற முதல் வரிசைக் காகிதம் வாங்கிக்கலாம்னு விதியிலயே இருக்கு. ரேகை விழலைங்கறதுக்காக அக்கவுண்ட் தர மாட்டேன்னு சொல்லக்கூடாது. ஆனா சுய உறுதிமொழிச் சலுகை இ-கேஒய்சியோட ஒட்டி வர்றது, ஆஃப்லைன்ல பண்ணினா அந்தச் சலுகையை ப்ராஞ்ச் தருமாங்கறது மேனேஜரைப் பொறுத்துத்தான் இருக்கு. அம்மாவுக்கு அட்ரஸ் மாறலைன்னா கவலையில்லை.

ஓனர்_பக்கம்:
எங்க வீட்டுல இருந்த ஒரு பையனுக்கு என் கரண்ட் பில்லையும் ஒப்பந்தத்தையும் சேத்துக் குடுத்து பேங்க்ல வாங்கிக்கிட்டாங்களே. அப்ப அது எப்படி?

கவுண்ட்டர்_நம்பர்_3:
சில ப்ராஞ்ச்ல வாங்கறாங்க, மறுக்கல. பெரும்பாலும் அந்தப் பையன் ஆதார் இ-கேஒய்சி பண்ணியிருப்பான், பில்லும் ஒப்பந்தமும் கூடுதல் நம்பிக்கைக்கு ஃபைல்ல வச்சிருப்பாங்க. இல்லைன்னா ஏற்கனவே அக்கவுண்ட் இருந்து அட்ரஸ் மட்டும் மாத்தியிருப்பான், அதுக்கு சுய உறுதிமொழியே போதும், ரெண்டு மாசத்துக்குள்ள பேங்க் அந்த அட்ரஸுக்கு லெட்டர் போட்டோ ஆள் விட்டோ உறுதிப்படுத்திக்கணும். லிஸ்ட்ல இல்லாத ஒண்ணை அந்த மேனேஜர் வாங்கினார், இந்த மேனேஜர் வாங்கலைன்னு சண்டை போட முடியாது. தணிக்கையில கேள்வி வந்தா பதில் சொல்ல வேண்டியது அவர்தான்.

மலர்_கோத்தகிரி:
சார், போயிட்டு வந்தேன். அதே வார்த்தையில கேட்டேன், கவுண்ட்டர்ல முழிச்சாங்க, உள்ள மேனேஜர்கிட்ட போனப்ப உடனே தலையாட்டிட்டு ஃபார்ம் எடுத்துக் குடுத்தார். ரேகை வச்சாச்சு, உறுதிமொழி எழுதிக் குடுத்தாச்சு, அக்கவுண்ட் நம்பர் வந்துருச்சு. ஏடிஎம் கார்டு வீட்டு அட்ரஸுக்கே தபால்ல வருமாம், வந்து சேந்தா அட்ரஸ் உறுதியான மாதிரி, திரும்பிப் போனா மறுபடி வரச் சொல்லுவோம்னு சொல்லி அனுப்பினார். இப்ப அதுதான் பயம். வீட்டுக்கு கதவு எண்ணே கிடையாது, ஊர்ல எல்லாரும் "ஸ்டோர் மேல வீடு"ன்னுதான் சொல்லுவாங்க.

ஓனர்_பக்கம்:
உங்க பேருக்குக் கீழ மேற்பார்வைன்னு போட்டு ஓனர் பேர் எழுதினீங்களாம்மா? மலையில தபால்காரருக்கு வீட்டுக்காரர் பேர்தான் தெரியும், புதுசா வந்தவங்க பேர் தெரியாது. எழுதலைன்னா நாளைக்கே தபால் ஆபீஸ் போய் உங்க பேரையும் மொபைல் நம்பரையும் சொல்லிட்டு வந்துருங்க, பகல்ல ஸ்கூல்ல இருப்பேன்ங்கறதையும் சொல்லுங்க. கார்டுத் தபாலை அக்கம்பக்கத்துல குடுத்துட்டுப் போக மாட்டாங்க.

மலர்_கோத்தகிரி:
ஓனர் பேர் போடல, இறந்துபோன அவர் அப்பா பேர்தான் அந்தத் தெருவுல எல்லாருக்கும் பழக்கம். ரெண்டு பேரையும் தபால் ஆபீஸ்ல சொல்லிடறேன். ஒப்பந்தத்தை ஆதாருக்கு வச்சுக்கறேன், ஓனர் பதிவுக்கு யோசிச்சு சொல்றேன்னு இருக்கார்.

தேயிலைத்தோட்டம்:
பஞ்சாயத்து எல்லையில இருக்கற வீடுன்னா அந்த 2017 சட்டம் வருமா சார்? அக்கா டவுனைத் தாண்டி கீழன்னு சொன்னாங்களே.

கவுண்ட்டர்_நம்பர்_3:
நல்லாக் கேட்டப்பா. அது நகர்ப்பகுதிக்கான சட்டம், கிராமப் பஞ்சாயத்துல இருக்கற வீடுன்னா அந்த வழியில பதிய முடியாது, சார்பதிவாளர் ஆபீஸ்தான் போகணும். மேடம், வீட்டு வரி ரசீது யார் போடறாங்க, பஞ்சாயத்தா நகராட்சியான்னு ஓனர்கிட்ட பாத்துட்டுச் சொல்லுங்க, எங்க பதியறதுன்னு அதை வச்சுப் பேசுவோம்.